ட்ரோன் ஷாட்டா, நீல ஸ்டிக்கரா: ஒரு நன்கொடை வீடியோவுக்கு இரண்டு ஸ்கிரிப்ட்

காது கேளாத பிள்ளைகள் 28 பேர் படிக்கும் சின்ன அறக்கட்டளைப் பள்ளி. நன்கொடை கேட்டு இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. கையில் இரண்டு ஸ்கிரிப்ட். ஒன்று பள்ளிச் செயலாளர் எழுதியது, மற்றது நான் எழுதியது. என் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்யும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

செயலாளரின் ஸ்கிரிப்ட் ட்ரோன் ஷாட்டில் தொடங்குகிறது. பள்ளிக் கட்டடம், பின்னணியில் புல்லாங்குழல், "ஓசையே இல்லாத உலகில் வாழும் பிஞ்சு உள்ளங்கள்" என்று ஒரு கனத்த குரல். பிறகு பள்ளி தொடங்கிய கதை, இதுவரை படித்து முடித்தவர்களின் எண்ணிக்கை, விடுதி, சமையல்கூடம், ஆசிரியர் சம்பளம். நடுவில் 40 விநாடி அவரே பேசுகிறார். கடைசியில் கண் கலங்கிய ஒரு குழந்தையின் முகம், "தாராளமாக நிதி வழங்குவீர்", வங்கிக் கணக்கு எண்.

என்னுடையது ஒரு வகுப்பறைக்குள் நடக்கிறது. ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சத்தம் மங்கிப்போகிறது. அவர் உதடு மட்டும் அசைகிறது. இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி காதுக்குப் பின்னால் இருக்கும் காதுக்கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குகிறாள். மேசை டப்பாவிலிருந்து புது பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கரை உரிக்கிறாள். உடனே கருவிக்குள் போட்டுவிடுவதில்லை. ஆசிரியை ஒற்றை விரலைக் காட்டுகிறார்: ஒரு நிமிடம் பொறு.

இந்த ஒரு நிமிடத்தை நான் கற்பனையில் பிடிக்கவில்லை, வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தது. காதுக்கருவிகளில் போடுவது துத்தநாக-காற்று பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் சின்னத் துளைகள் வழியே காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதற்கு ஒரு நிமிடமாவது விட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே வரும். நீலம் என்றால் 675 என்ற அளவு, பெரும்பாலும் அதிகத் திறனுள்ள கருவிகளுக்கு. ஒன்று ஏறக்குறைய பத்து நாள் தாங்குகிறது.

வீடியோவில் அந்தக் காத்திருப்பை 20 விநாடியாகச் சுருக்கி, குரல் எதுவும் இல்லாமல் திரையில் எழுத்தை மட்டும் ஓடவிட்டோம்: "ஒரு காதுக்குப் பத்து நாளைக்கு ஒரு பேட்டரி. இரண்டு காதுக்கு மாதம் ஆறு. ஆறு பேட்டரி கொண்ட பட்டை 180 ரூபாய்." பிறகு கருவியின் மூடி 'டக்'கென்று விழுகிறது. ஃபேன் சத்தம், வெளியே பஸ் ஹாரன், அப்புறம் ஆசிரியை அவளைக் கூப்பிடும் குரல். அவள் திரும்புகிறாள். உணர்ச்சியின் உச்சம் அவ்வளவுதான்.

அந்த இடத்தில் முதலில் வயலின் சேர்த்திருந்தேன். போட்டுப் பார்த்தால் ஃபேன் சத்தமே கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். முழு மௌனமும் தவறு, மங்கிய சத்தம்தான் சரி என்று திருத்தியவர் ஆசிரியை. கருவி இல்லாவிட்டாலும் பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கேட்கும். கருவியைப் போட்டதும் நமக்குக் கேட்பதுபோல் துல்லியமாகிவிடும் என்றும் காட்டக் கூடாது. பேருந்தில் போனைச் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புரியவே புரியாது என்பதால், "சத்தம் மங்குகிறது", "சத்தம் திரும்புகிறது" என்று எழுத்திலும் போட்டோம். இந்தப் பள்ளியின் பழைய மாணவர்களே பார்க்கப்போகும் வீடியோவில் எழுத்து இல்லாமல் இருப்பதைவிட அபத்தம் வேறென்ன?

"பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லையே தம்பி" என்றார் செயலாளர். நியாயமான கேள்விதான். ஒரு சிறுமியின் கதையோடு கூடவே மொத்தக் கணக்கையும் சேர்த்தால் என்ன?

இதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் கையில் ஐந்து டாலர் கொடுத்துவிட்டு, ஒரு குழுவிடம் மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவின் கதையை மட்டும் சொன்னார்கள். அந்தக் குழுவினர் அதிலிருந்து சராசரியாக 2.38 டாலர் நன்கொடை கொடுத்தார்கள். பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14. ரோக்கியாவும் புள்ளிவிவரமும் சேர்ந்து வந்தபோது 1.43தான். எண்கள் கதைக்கு முட்டுக் கொடுக்கவில்லை, கதையின் சூட்டைத் தணித்துவிட்டன. நம் ஊரில் அதே விகிதம் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரலாற்றையும் விடுதியையும் இந்த இரண்டு நிமிடத்துக்குள் திணிக்காமல் இருக்க எனக்கு அது போதுமான காரணம்.

செயலாளரின் அழுத முகத்துக்கும் ஆய்வு ஆதரவு இல்லாமல் இல்லை. சோகமான முகம் கூடுதல் பணம் கொண்டுவருகிறது என்று 2009இல் அதே ஸ்மால் இன்னொருவரோடு சேர்ந்து காட்டியிருக்கிறார். என் தயக்கம் பணக் கணக்கில் இல்லை. சின்ன ஊர். வீடியோ அந்தக் குழந்தையின் தெருவுக்கும் அத்தை வீட்டு வாட்ஸ்அப்புக்கும் போகும். பேட்டரி மாற்றும் சிறுமியை அவளுடைய அம்மாவிடம் காட்டிச் சம்மதம் வாங்க எனக்குக் கூச்சம் இல்லை. அழுகிற காட்சியைக் காட்டிக் கேட்க வாய் வராது. அம்மா சரி என்ற பிறகும் பெயரை மாற்றினோம், ஊர்ப் பெயரையும் சீருடை பேட்ஜையும் மறைத்தோம்.

கேட்கும் வரியில்தான் இரண்டுக்கும் பெரிய தூரம். "தாராளமாக" என்றால் எவ்வளவு? நூறு ரூபாய் போடக் கூச்சம், பத்தாயிரத்துக்கு வழியில்லை, சரி அப்புறம் பார்க்கலாம் என்று போனை மூடிவிடுவார்கள். என் வரி இது: "ஒரு பிள்ளைக்கு ஒரு வருடப் பேட்டரி 2,160 ரூபாய். ஒரு மாதத்துக்கு 180. உங்களால் முடிந்தது எது?" 28 பேருக்கும் சேர்த்து 60,480. அந்த மொத்தத்தை வீடியோவில் சொல்லவில்லை, கேட்டு வருபவருக்கு மட்டும்.

கியூஆர் கோடில் ஒரு சின்ன விஷயம் தப்பிவிடும். வீடியோ பார்ப்பதும் போனில், ஸ்கேன் செய்வதும் அதே போனில். தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாது. அதனால் யுபிஐ முகவரியைப் பெரிய எழுத்தில் எட்டு விநாடி நிறுத்தி, வீடியோவுடன் அனுப்பும் செய்தியிலும் தட்டச்சு செய்து வைத்தோம், நகலெடுத்துக்கொள்ளலாம். வரிக்கழிவுக்கான 80ஜி ரசீது உண்டு என்பதைக் குரலில் சொல்லவில்லை, சின்ன எழுத்தில் மட்டும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது, பிறகு வந்து கேட்பார்.

என் ஸ்கிரிப்ட் தோற்கும் இடமும் உண்டு. பள்ளியின் பெரிய செலவு பேட்டரி இல்லை, சிறப்பாசிரியர் சம்பளம். பேட்டரிக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை அதில் போட முடியாது. தேவைக்கு மேல் வந்தால், கருவியைக் காதில் பொருத்தும் காது அச்சுக்குச் செலவிடுவோம் என்று வீடியோவிலேயே ஒரு வரி சேர்த்தோம். பிள்ளைகள் வளர வளர அச்சு தளர்ந்து கருவி கீச்சென்று விசிலடிக்கும், புதிதாக வார்க்க வேண்டியிருக்கும். சம்பளத்துக்குக் கேட்க வேண்டிய ஆட்கள் வேறு. ஆண்டு விழாவுக்கு வரும் பழைய கொடையாளர்களும் நிறுவனங்களும் பள்ளியின் வரலாறு, தேர்ச்சி, தணிக்கைக் கணக்கு எல்லாம் கேட்பவர்கள். அந்த மேடைக்குச் செயலாளரின் ஸ்கிரிப்டே பொருத்தம், ட்ரோனும் 40 விநாடிப் பேச்சும் உட்பட. அழுத முகத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சம்பளப் பட்டியலை வைக்கச் சொன்னேன். புல்லாங்குழலைக் கைவிட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.