ஒரு கிழிந்த கால்சட்டை, மூன்று கதைகள்

துணி திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றுக்கு விளம்பரம் எழுதித் தரச் சொன்னார்கள். கடை வாசலில் வைக்கிற அட்டையிலும் வாட்ஸ்அப்பிலும் போடலாம் என்கிற அளவில் ஒரு குட்டிக்கதை, அவ்வளவுதான். விஷயமும் அவர்களே சொல்லிவிட்டார்கள்: பள்ளிக்கூடப் பிள்ளையின் சீருடையை டெய்லர் தைத்துக் கொடுக்கிறார். நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கிழிந்தது ஒரே கால்சட்டை, கிழிந்த இடமும் ஒரே முட்டிதான். ஆனால் கடைக்கு ஆகிற வேலையில் மூன்றும் ரொம்பவே வேறு.

முதலாவது, எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற கதை:

"'அம்மா, எல்லாரும் சிரிச்சாங்க.' முட்டி கிழிந்த கால்சட்டையோடு வாசலில் நின்றான் மகன். புதிது வாங்கக் கையில் காசில்லை. தயங்கித் தயங்கித் தையல் கடைப் படியேறினாள். பெரியவர் கால்சட்டையை வாங்கிக்கொண்டார். இரவு முழுக்க அவர் மெஷின் ஓடியது. காலையில் கால்சட்டை புதிதாக மின்னியது. 'எவ்வளவு ஐயா?' என்றாள். 'பையன் சிரிச்சா போதும்மா' என்றார் பெரியவர்."

படித்தால் தொண்டை அடைக்கிறது என்பது உண்மை. நாலு பேருக்கு அனுப்பிவைக்கத் தோன்றும் கதையும் இதுதான். அந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் கடைக்காரர் இடத்தில் நின்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் சிக்கல் கடைசி வரியில் இருக்கிறது. பெரியவர் காசு வாங்கவில்லை. இந்த அட்டையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே கூலி கேட்டால், கேட்கிறவர் கெட்டவர் ஆகிவிடுவார்.

இரண்டாவது சிக்கல் அதைவிட ஆழமானது. கிழிந்த துணி கொண்டுவருகிறவர் காசில்லாதவர் என்று கதை முத்திரை குத்திவிடுகிறது. வழக்கமாக வருகிறவர்கள் அப்படி இல்லை. மீதியெல்லாம் நன்றாக இருக்கும் துணியை ஒரு கிழிசலுக்காகத் தூக்கிப்போட மனசில்லாதவர்கள், வருஷ நடுவில் அதே நிறச் சீருடை கிடைக்காதவர்கள், நாளை மறுநாளே வேண்டும் என்கிறவர்கள், இவர்கள்தான் வருவார்கள். அவர்களை "தயங்கித் தயங்கி" படியேற வைத்தால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் தொழில் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும். முட்டிக் கிழிசலுக்கு இரவு முழுக்க மெஷின் ஓடாது. அப்புறம் அந்த "மின்னியது". பாலியஸ்டர் கலந்த சீருடைத் துணி மின்னுகிறது என்றால் அயர்ன் பாக்ஸ் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மேலே ஈரத்துணி போடாமல் அழுத்தித் தேய்த்தால் அந்தப் பளபளப்பு வரும், வந்தால் லேசில் போகாது. புகழ்வதாக நினைத்து டெய்லரின் தவறை எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கதையில் கால்சட்டையே பேசியது. "நான் ஒரு கால்சட்டை. எனக்கும் வலிக்கும்" என்று தொடங்கினேன். மூன்றாவது வரியிலேயே சலித்துவிட்டது. டெய்லர் எதை ஏன் செய்கிறார் என்று கால்சட்டைக்குத் தெரியாது என்பதால் ஊசி குத்தியதைத் தவிர அதனால் எதையும் சொல்ல முடியவில்லை. இதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

மூன்றாவதை எழுதுவதற்கு முன் ஒரு சாயங்காலம் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்த ஒரே ஒரு கை அசைவுதான் கதை ஆனது:

"சனிக்கிழமை சாயங்காலம். 'அண்ணே, திங்கட்கிழமை ஸ்கூல். இதுல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைக்கிறேன்' என்று அப்பா கால்சட்டையை மேசையில் வைத்தார். முட்டியில் விரல் நீளக் கிழிசல்.

டெய்லர் கால்சட்டைக்குள் கையை விட்டு, முட்டியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். கிழிசலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது.

'கிழிஞ்சது இவ்வளவுதான். நைஞ்சது இவ்வளவு' என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். 'கிழிசல் அளவுக்கு ஒட்டு வெச்சா அடுத்த வாரமே பக்கத்துல விட்டுடும்.'

'கீழ் மடிப்புல துணி நிறைய இருக்கே, அதை வெட்டிக்கலாமே?'

'அது அடுத்த வருஷத்துக்கு. தம்பி வளருவான்ல?' என்று வெட்டுத்துணிப் பையைத் துழாவினார்.

'தெச்சா தெரியுமா மாமா?' என்றான் பையன்.

'உத்துப் பார்த்தா தெரியும். நீ ஓடுறப்போ தெரியாது.'"

இதற்குக் கீழே கடைப் பெயர், திறந்திருக்கும் நேரம், எப்போது தந்தால் எப்போது கிடைக்கும் என்ற ஒரு வரி.

முதல் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அந்த டியூப்லைட்டில் இருக்கிறது. முதல் கதையில் கடைக்குப் பதில் செருப்புக் கடையையோ சைக்கிள் கடையையோ வைத்தாலும் கதை அப்படியே நிற்கும். இதில் வைக்க முடியாது. முட்டியிலும் உட்காரும் இடத்திலும் துணி பெரும்பாலும் ஒரே நாளில் கிழிவதில்லை. தேய்ந்து தேய்ந்து இழை மெலிந்து, கடைசியில் ஒரு இடத்தில் விட்டுப்போகிறது. கண்ணுக்குத் தெரிவது விட்ட இடம் மட்டும்தான். சுற்றியுள்ள நைந்த துணி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். ஒட்டுத்துணி அந்த நைந்த பகுதியைத் தாண்டி, கெட்டியான துணியில் போய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கெட்டியான ஒட்டின் ஓரம் பக்கத்திலிருக்கும் மெலிந்த இழையை இழுத்து, ஒட்டைச் சுற்றியே புதுக் கிழிசல் வரும். வீட்டில் தைத்த ஒட்டு பெரும்பாலும் தோற்றுப்போவது இப்படித்தான். படிக்கிற அம்மாவோ அப்பாவோ "அட, போன தடவை நான் தைத்தது அதனால்தான் விட்டதா" என்று நினைப்பார்கள். அந்த இடத்தில் கடையின் திறமையைத் தனியாகப் புகழ வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

கீழ் மடிப்பு பற்றிய பேச்சும் அப்படித்தான். சீருடையில் கால் நீளத்தை இறக்குவதற்காக உள்ளே மடித்துவிட்ட துணி இருக்கும். அதை வெட்டினால் இன்றைய வேலை சுலபம், அடுத்த வருஷம் கால்சட்டை குட்டை. தவிர, உள்ளே மடிந்திருக்கும் துணி அவ்வளவாக வெளுத்திருக்காது; முட்டியில் ஒட்டாக வைத்தால் திட்டாகத் தெரியும். இரண்டாவது காரணத்தைக் கதையில் நான் சொல்லவில்லை. "தம்பி வளருவான்ல" என்பதே போதும். கால்சட்டையை இறக்கித் தருகிற வேலையும் இந்தக் கடையில் உண்டு என்பது அந்த ஒரு வரியில் விளம்பர வாசனை இல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது கதை எடுத்த எடுப்பிலேயே இப்படி வரவில்லை. முதலில் எழுதியதில் கண்டதையெல்லாம் திணித்திருந்தேன். நூல்கண்டில் பார்க்கும்போது இருக்கிற நிறம் ஒற்றை இழையாகத் தைத்ததும் கொஞ்சம் வெளிறித் தெரியும் என்பதால் ஒரு சாயல் அடர்ந்த நூலாக எடுப்பது, ஒட்டின் மூலைகளை வளைத்து வெட்டுவது, பசை கேன்வாஸை அயர்ன் பண்ணி ஒட்டுவது, இழைப் போக்கிலேயே முன்னும் பின்னும் மெஷின் ஓட்டுவது என்று எல்லாமே இருந்தது. எல்லாம் சரியான விஷயங்கள்தான். ஆனால் படித்தபோது தையல் வகுப்பு மாதிரி இருந்தது. கடைக்காரரே சொன்னார்: "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சா போதும். கொடுக்கிறவங்களுக்கு லைட்டு மட்டும் போதும்." சரி என்று மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

முடிவு வரிக்கும் ஒரு போட்டி நடந்தது. அவருக்கு "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று வர வேண்டும். எனக்கு "உத்துப் பார்த்தா தெரியும்" இருக்க வேண்டும். முதலில் அவர் முகம் சுளித்தார், சொந்தக் கடை அட்டையிலேயே குறை சொல்வதா என்று. நான் அவர் மேசை மேல் கிடந்த ஒரு பாவாடையைக் காட்டினேன். கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று நீளமாக ஓடியது. மடிப்பின் தடத்தை வினிகர் கலந்த தண்ணீர் தொட்டு அயர்ன் பண்ணினால் ஓரளவு எடுத்துவிடலாம். ஆனால் தேய்ந்தும் வெளுத்தும் போன நிறம் எதைச் செய்தாலும் திரும்பாது. "புதுசு மாதிரி" என்று அட்டையில் போட்டுவிட்டு இந்தப் பாவாடையைக் கையில் கொடுத்தால் என்ன பேச்சு வரும்? அவர் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "உங்க வரியே இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது கதைக்கும் எல்லை உண்டு. ஜாக்கெட் பிடித்துத் தைக்கவோ கோட்டு உடம்புக்குப் பொருத்தவோ ஆள் தேடுகிறவரை இது இழுக்காது. டெய்லர் கடை என்றால் ஒட்டுப் போடுகிற இடம் என்று அவர் நினைத்துவிடக்கூடும். அதற்கு வேறு கதைதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் இன்னொரு தொந்தரவு. நீளமான செய்தி என்றால் ஒரு அளவுக்கு மேல் மறைந்துவிடும், தட்டினால்தான் மீதி வரும். அதனால் அங்கே மட்டும் டியூப்லைட் வரியை முதலில் வைத்து, அப்பா பேசுவதைப் பின்னால் தள்ளினோம். அட்டையில் வரிசை மாறவில்லை, கடைக்கு முன் நிற்கிறவர் அதை ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்கிறார்.

எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வருகிறவர்களின் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தேன். "கதை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கதை ஜெயித்தது, கடை ஜெயிக்கவில்லை. பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே "லைட்டுல காட்டிப் பாருங்கண்ணே" என்றால் சரி.

அச்சுக்குப் போகும் முன் அவர் ஒரே ஒரு திருத்தம் செய்தார். கீழே நான் "இன்று மாலை தந்தால் நாளை காலை" என்று போட்டிருந்தேன். பள்ளி திறக்கிற வாரத்தில் மேசை மேல் துணி மலையாகக் குவியும், காலை என்றால் தன்னால் முடியாது என்றார். பேனாவை வாங்கி "காலை"யை அடித்துவிட்டு "மாலை" என்று எழுதினார்.