பால்புட்டி, கஞ்சிக் கிண்ணம், சாதத் தட்டு: குழந்தை வைத்த மிச்சம் எது எவ்வளவு நேரம் தாங்கும்?

காலை 11 மணிக்கு 150 மில்லி பவுடர் பால் கலந்து கையோடு புகட்ட ஆரம்பிக்கிறீர்கள். குழந்தை 90 மில்லி குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறது. புட்டியில் மிச்சம் 60 மில்லி. 11.40-க்கு விழித்து அழுதால் அதையே கொடுக்கலாம். 12.15-க்கு விழித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் கலக்க வேண்டும். பவுடர் பாலுக்குக் கெடு, வாய் வைத்ததிலிருந்து 1 மணி நேரம்.

குழந்தை உறிஞ்சும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எச்சில் நிப்பிள் வழியே உள்ளே திரும்புகிறது. ஒரு மில்லி எச்சிலில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். இனிப்பும் புரதமும் உள்ள வெதுவெதுப்பான பால் அவற்றுக்கு விருந்து. சூழல் முழுக்க ஒத்துவந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் 2 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். ஃபிரிட்ஜ் இந்த வேகத்தைக் குறைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. மறுபடி சுட வைத்தாலும் பயனில்லை, சில பாக்டீரியா விட்டுப்போன நச்சு கொதித்தாலும் அழியாது. அதே பால் வாய் வைக்காமல் இருந்தால் கணக்கே வேறு: கலந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம், வெளியில் 2 மணி நேரம்.

பிழிந்து எடுத்த தாய்ப்பாலுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. குழந்தை குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் மிச்சத்தைத் திரும்பக் கொடுக்கலாம். அதில் இயல்பாகவே உள்ள லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற புரதங்கள் பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கிவைக்கும். பவுடர் பாலுக்கு அந்த அளவு காவல் இல்லை. வாய் படாத தாய்ப்பால் 25 டிகிரி வரை அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். மே மாதத்து அடுக்களையில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் நேரே ஃபிரிட்ஜ்தான்.

கஞ்சிக் கிண்ணத்தில் எச்சில் செய்யும் வேலை கண்ணுக்கே தெரியும். கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் மட்டும் குழந்தைக்கு ஊட்டிய ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிண்ணம் நீர்த்துப் போகும், ஸ்பூனில் நிற்காமல் வழியும். மற்றது கெட்டியாகவே இருக்கும். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது இது. நீர்த்துவிட்டதால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எச்சில் கலந்துவிட்டதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். மணமும் ருசியும் மாறும்வரை காத்திருப்பதுதான் தவறு. நோய் தரும் கிருமி பெருகியும் கூழ் மணம் மாறாமலே இருக்கலாம். ஆகவே ஊட்டும் அளவை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, பாத்திரத்துக்குள் வேறு ஸ்பூனை விடுங்கள். பாத்திரத்தில் இருப்பதை உடனே ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். கிண்ணத்து மிச்சத்தைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினால் மொத்தமும் எச்சில்தான்.

சாதத் தட்டில் எச்சிலைவிடச் சோறே பெரிய கவலை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியில் ஆறிக் கிடந்தால் பெருகி நச்சு விடும். பருப்புச் சாத மிச்சம் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். தயிர் சாதத்தின் புளிப்பு கொஞ்சம் தடுக்கும், ஆனால் அதை நம்பிச் சாயங்காலம்வரை வைக்கக் கூடாது.

குழந்தை சாப்பிட்ட கையோடு அம்மா அந்தத் தட்டைக் காலி செய்தால்? நேரம் பிரச்சினையில்லை. ஒரே வீட்டுக்குள் கிருமிகள் ஏற்கெனவே புழங்குபவைதான். ஆனால் அவர் கர்ப்பமாக இருந்தால் வேண்டாம். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும், எந்த நோய்க்குறியும் இல்லாமலே, சைட்டோமெகலோ என்ற வைரஸ் மாதக்கணக்கில் வெளியேறலாம். அது கருவுக்குப் போனால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படக்கூடும். இதே காரணத்துக்காக டயப்பர் மாற்றியபின் சோப்பு போட்டுக் கை கழுவுவதும் முக்கியம்.

தண்ணீர் பாட்டிலில் சத்து இல்லாததால் பாலில் போலக் கிருமி பெருகாது. ஜூஸோ பாலோ ஊற்றினால் பாட்டில் சட்டென்று பால்புட்டியின் பட்டியலுக்குப் போய்விடும். பகிர்வதில் உள்ள ஆபத்து வேறு: சளி, காய்ச்சல், கை-கால்-வாய் நோய் போன்றவை அடுத்தவர் எச்சிலிலேயே வரும், காத்திருக்க அவற்றுக்கு நேரம் தேவையில்லை. பாட்டிலை அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. ஸ்ட்ரா வைத்த பாட்டிலில் அது முடியாது. அதன் குழாயும் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் தினம் கழற்றித் தேய்க்கப்படாவிட்டால் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு படலம் கட்டும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.