கொழும்பில் தினமும் வேலைக்குப் போக எந்த ஸ்கூட்டர்?

பெற்றோல், டீசல், சிஎன்ஜி, மின்சாரம் என்று நான்கையும் வரிசையில் நிறுத்தினால், கொழும்பில் இரண்டு உடனே விலகிவிடும். ரோயல் என்ஃபீல்ட் ஒரு காலத்தில் இந்தியாவில் டீசல் மோட்டார் சைக்கிள் விற்றது. எடையும் அதிர்வும் அதிகம், புகைக் கட்டுப்பாடுகள் இறுகியதும் அது நின்றுபோனது. சிஎன்ஜியில் ஓடும் மோட்டார் சைக்கிளை பஜாஜ் 2024 இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. நல்ல வண்டியாகவே இருக்கட்டும், அந்த வாயுவை இங்கே நிரப்ப இடமில்லை. நமது சமையல் சிலிண்டரில் இருப்பது எல்பிஜி, அது வேறு வாயு.

ஆகவே போட்டி பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும்தான். ஆனால் மின்சார ஸ்கூட்டர் என்பது ஒரே வகையல்ல. ஈய அமிலப் பற்றரியில் ஓடுவது ஒன்று, லித்தியம் பற்றரியில் ஓடுவது இன்னொன்று. பணம் குறைவாக உள்ளவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தெஹிவளையிலிருந்து கோட்டைக்குப் போய் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர், மாதத்துக்கு 25 வேலைநாள், மொத்தம் 600 கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில் 110 சிசி ஸ்கூட்டர் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் தந்தால் 15 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 4,500 ரூபா. 2022 ஜூன் இறுதியில் போல 470 ரூபாவுக்கு ஏறினால் அதே பயணத்துக்கு 7,050 ரூபா. அந்த ஆண்டின் வரிசைகளில் இரவைக் கழித்தவர்கள் இந்த இரண்டாவது கணக்கை ஒதுக்கிவிடமாட்டார்கள்.

மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு மூன்றரை அலகு போதும். மாதத்துக்கு 21 அலகு. அலகுக்கு 45 ரூபா போட்டாலும் 945 ரூபாதான். ஆனால் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதை மறந்துவிடக்கூடாது. 80 அலகு பாவிக்கும் வீடு 101 க்குப் போனால் 90 என்ற எல்லையைத் தாண்டுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. உங்களுடைய கடைசி மூன்று மின் பட்டியல்களை எடுத்து, 21 அலகைக் கூட்டிக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் மாதம் மூவாயிரம் ரூபாவுக்கு மேல் மிஞ்சும்.

அந்த மிச்சத்தைப் பற்றரி தின்றுவிடுமா என்பதுதான் கேள்வி. மலிவு வண்டிகளில் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரிகள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். புதிதில் 40 கிலோமீற்றர் ஓடும். அதனால் கிட்டத்தட்ட தினமும் சார்ஜ் செய்ய வேண்டும், முந்நூறு நானூறு முறைக்குப் பின் அவை தளர்ந்துவிடும். ஒரு தொகுதிக்கு 60,000 ரூபா கேட்கிறார்கள், அது 18 மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,333 ரூபா. பெற்றோலில் மிஞ்சியது கிட்டத்தட்ட முழுக்க அங்கே போய்விட்டது. ஈய அமில வண்டியை மலிவு என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய வண்டியை வாங்கப் போனால் மல்டிமீற்றர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஓய்வில் ஆறு பற்றரிகளும் 12.8 வோல்ட் அளவில் நல்லபடியாகவே தெரியும். ஆள் ஏறி உட்கார்ந்து அக்சிலேற்றரைத் திருப்பும்போது ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஐந்து 12 க்கு அருகில் நிற்க, ஒன்று மட்டும் 10.5 க்குக் கீழே விழுந்தால் அந்த ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதை மட்டும் மாற்றினாலும் பழையவற்றோடு சேர்ந்து புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்கும். ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றர் ஓடினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும், ஆறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட உழைக்கும். பற்றரியின் விலையை 72 மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை இலட்சம் ரூபா என்றாலும் மாதம் 2,083 ரூபா. மிச்சம் பெரிதல்ல, ஆனால் உண்மையானது. பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் அதுவும் கூடும்.

இத்தனைக்கும் பிறகு முடிவைத் தீர்மானிப்பது நீங்கள் வாழும் வீடு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர், கீழே நிற்கும் வண்டிக்கு எங்கிருந்து மின்சாரம் எடுப்பார்? ஆறு ஈய அமிலப் பற்றரிகள் நாற்பது கிலோவுக்குக் குறையாது, படியேற்ற முடியாது. கழற்றித் தூக்கக்கூடிய லித்தியம் பற்றரி உள்ள வண்டியாக இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, கீழே தனி மீற்றரோடு ஒரு பிளக் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் சரிவராவிட்டால் நன்கு பராமரித்த பழைய பெற்றோல் ஸ்கூட்டரையே வாங்குங்கள் என்பேன்.

மின்சார வண்டியோ பெற்றோல் வண்டியோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். "பிறகு பதிந்து தருகிறோம்" என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.