மேடை ஜோக்கைப் பதிவாக்க: கதையா, உரையாடலா?

பெங்களூரு மேடையில் சொன்ன ஆட்டோ ஜோக், எக்ஸ் தளத்தின் 280 குறிகளுக்குள் அடங்க வேண்டும். கதையாக எழுதினால், மீட்டர் எங்கே என்ற கேள்விக்கு ஓட்டுநர் சொல்லும் முடிவு இப்படி வரும்: "வீட்டில் இருக்கிறது என்றார்." மேடையில் அந்த 'என்றார்' குரலில் கரைந்துவிடும். எழுத்தில் அதுவே கடைசியில் நின்று வெடியை நமுக்கச் செய்கிறது. உரையாடலாக:

"சிவாஜி நகர் வருமாண்ணா?"
"மீட்டருக்கு மேல 50 குடுங்க."
"மீட்டர் எங்கண்ணா?"

"வீட்டுல."

குரல் எடுக்கும் இடைவெளிக்குப் பதில் அந்த வெற்று வரி. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'வீட்டுல' 7 குறி. கதை வடிவத்தின் 'வீட்டில் இருக்கிறது என்றார்' 27. மூன்றாவது ஆள் பேசினால் மட்டும் உரையாடல் குழம்பும். அப்போது கதைதான், ஆனால் வினையை முன்னே தள்ளி: "அவர் சொன்னது: வீட்டுல."