மூணாறு ரிசார்ட் பில்லுல 2,202 ரூபாய் போச்சு: எக்ஸ்ட்ரா பெட் கேக்குறவங்க படிச்சிட்டுப் போங்க

போடிமெட்டு ஏறி மூணாறு போறவங்க இதைப் படிங்க. ஒரு நடுத்தர ரிசார்ட்டுல இந்த வாரம் 2,202 ரூபாயை வரின்னு சொல்லி வாங்கிட்டாங்க. ரிசார்ட் பேரும் புக்கிங் ஆப் பேரும் போடலை. பேரை விட பில் போட்ட விதம்தான் முக்கியம், ஏன்னா இதே மாதிரி எந்த மலை ஊர்லயும் போடலாம்.

முதல்ல என்ன பேசி முடிவாச்சுன்னு சொல்லிடறேன். ரூம் வாடகை ஒரு ராத்திரிக்கு 7,000. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினா ரூம் வாடகையில 10% தள்ளுபடி. ரெண்டு ராத்திரி. 7,000-ல 700 போக 6,300, ரெண்டு ராத்திரிக்கு 12,600. அதுக்கு 5% ஜிஎஸ்டி 630. மொத்தம் 13,230 ஆப்புல கட்டியாச்சு.

இங்கதான் நம்பிக்கை வந்துச்சு. வந்த வவுச்சர் அவ்வளவு சுத்தமா இருந்தது. மேல வாடகை, அதுக்குக் கீழ தள்ளுபடி, தள்ளுபடி போன தொகைக்குக் கீழதான் வரி. கணக்குத் தெரிஞ்சவன் பார்த்தா தலையாட்டுவான். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு ரிசார்ட்டுக்கே போன் போட்டுக் கேட்டதுக்கு, "ஒரு ராத்திரிக்கு 1,200 அண்ணே, டாக்ஸ் தனி, இங்க வந்து குடுத்தாப் போதும்"னு நல்ல தமிழ்ல பதில் வந்துச்சு. நம்ம ஊர்ப் பையன் குரல். அதுக்கு மேல யாரு என்ன கேப்பாங்க? (பெட்டுன்னு வந்தது தரையில போட்ட ஒரு மெத்தை. அது வேற பஞ்சாயத்து.)

அப்போ கிளம்பும்போது கொடுக்க வேண்டியது என்ன? 1,200 ரெண்டு ராத்திரிக்கு 2,400, அதுக்கு 5% வரி 120, ஆக 2,520. கேட்டது 4,722. நடுவுல இருக்கிறதுதான் அந்த 2,202.

பில்லை வரி வரியாப் பார்த்தா இப்படிப் போட்டிருக்காங்க. ரூம் 7,000, பெட் 1,200, ஆக ஒரு ராத்திரிக்கு 8,200. ரெண்டு ராத்திரிக்கு 16,400. 7,500-ஐத் தாண்டிருச்சாம், அதனால 18% வரி, 2,952. மொத்தம் 19,352. இதுக்கெல்லாம் கீழ, கடைசியில, "டிஸ்கவுண்ட் 1,400"னு ஒரு கழிவு. அப்புறம் கட்டின 13,230 கழிவு. மீதி 4,722. தள்ளுபடி என்னமோ முழுசா 1,400 கொடுத்திருக்காங்க, அதுல கை வைக்கலை. 2,202-ம் வரியிலதான் போச்சு: வர வேண்டிய வரி 750, போட்ட வரி 2,952.

இது ஏன் தப்பு? ரூம் வாடகை ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் 5%, அதைத் தாண்டினா 18%. வருமான வரி மாதிரி தாண்டின தொகைக்கு மட்டும் கூடுதல் வரி கிடையாது. தாண்டிட்டா மொத்தத் தொகைக்கும் 18%. 7,500-க்கு வரி 375. 7,501-க்கு வரி 1,350. ஒரு ரூபாய் ஏறினா வரி 975 ரூபாய் ஏறுது. அதனால அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ரூம்ல, தள்ளுபடியை வரிக்கு மேல எழுதுறாங்களா கீழ எழுதுறாங்களாங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. சேவை கொடுக்கிறதுக்கு முன்னாடியோ கொடுக்கும்போதோ ஒத்துக்கிட்டு, பில்லுலயும் காட்டின தள்ளுபடி, வரி போடற மதிப்புலேர்ந்து கழிஞ்சிடும். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 15-ஆம் பிரிவு. நம்ம தள்ளுபடி பணம் கட்டும்போதே பேசினது. அப்போ ஒரு ராத்திரி மதிப்பு 6,300 கூட்டல் 1,200, சரியா 7,500. "7,500 வரைக்கும்"னா 7,500-ம் உள்ளதான். வரி 375, ரெண்டு ராத்திரிக்கு 750. இல்ல, பெட்டைத் தனியா வச்சுப் பார்க்கிறேன்னாலும் 6,300-ம் 5%, 1,200-ம் 5%. எந்தப் பக்கம் திருப்பினாலும் 18 வர வழியே இல்ல.

கவுண்டர்ல சொன்ன காரணம்: "ஸ்லாப் போர்டு ரேட்டுக்குத்தான் சாரே, டிஸ்கவுண்டுக்கு அல்ல." இது ஒரு காலத்துல உண்மை. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ அறிவிச்ச கட்டணத்தை வச்சுத்தான் விகிதம் முடிவாச்சு. 2018 ஜூலை 27-லேர்ந்து அதை மாத்தி, உண்மையில வாங்குற தொகைதான் கணக்குன்னு ஆக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, அந்தப் பழைய விதியையே பிடிச்சுக்கிட்டாலும் இவங்க பில் தப்பு. 2018 ஜனவரியில வந்த சுற்றறிக்கையில இதே கதைதான் உதாரணம்: அறிவிச்ச கட்டணம் 7,000, எக்ஸ்ட்ரா பெட் சேர்ந்து 8,000 ஆனா என்ன விகிதம்? ரூமோட 7,000-க்கு என்ன விகிதமோ அதேதான், பெட் சேர்ந்ததால மேல் ஸ்லாப் கிடையாதுன்னு பதில். (அப்போ 7,500-க்குக் கீழ இருந்த விகிதமே 18, மேல 28. அந்த 18-ஐப் பார்த்துக் குழம்பிடாதீங்க.) ஆக, பழைய விதியிலேர்ந்து போர்டு ரேட்டை எடுத்துக்கிட்டாங்க, புது விதியிலேர்ந்து பெட்டைச் சேர்க்கிறதை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டுலயும் தனக்கு லாபமான பாதி மட்டும்.

மென்பொருள் தப்புன்னும் சொல்ல வாய்ப்பு இருக்கு. சில இடத்துல அது உண்மையாக்கூட இருக்கும். ரூம் ரேட்டைப் பதிஞ்ச இடத்துல முழு வாடகையை வச்சிட்டு, தள்ளுபடியைக் கடைசியில பணம் வரவு மாதிரி போட்டா, வரி முழு வாடகைக்கு விழுந்துடும். தள்ளுபடியை ரேட்டுலயே குறைச்சுப் பதியணும். ஆனா சுட்டிக்காட்டின பிறகும் திருத்தலைன்னா அதுக்குப் பேரு மென்பொருள் தப்பு இல்ல.

அதுக்கு அப்புறம் நடந்த தட்டிக்கழிப்பு இருக்கே! கவுண்டர்: "கம்ப்யூட்டர் போடற டாக்ஸ், நம்ம கையில இல்ல, அக்கவுண்ட்ஸ் ஆளு திங்கக்கிழமை வருவாரு." ஆப்போட வாடிக்கையாளர் சேவை: "எங்ககிட்ட கட்டின 13,230 சரியா இருக்கு, மீதியை விடுதிகிட்ட பேசிக்கோங்க." திங்கக்கிழமை அக்கவுண்ட்ஸ்: "பில் குளோஸ் ஆச்சு, ஜிஎஸ்டியும் பைல் பண்ணிட்டோம், இனி கவர்மெண்டுதான் தரணும்." இது பச்சைப் பொய். மாசா மாசம் பைல் பண்றவங்க ஜிஎஸ்டிஆர்-1 போட அடுத்த மாசம் 11-ஆம் தேதி வரை நேரம் இருக்கு. நடப்பு மாசத்துப் பில்லை மாசம் முடியறதுக்குள்ள எப்படி பைல் பண்ணினாங்களாம்? பைல் பண்ணியிருந்தாலும், வரி அதிகமாப் போட்டிருந்தா கிரெடிட் நோட் கொடுத்துச் சரி பண்ண 34-ஆம் பிரிவுல வழி இருக்கு, நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும். இதைச் சொன்னதும் போனை "மேனேஜருக்கு" மாத்தினாங்க. அந்த மேனேஜர் இன்னும் லைனுக்கு வரலை. 2,202 ரூபாய்க்கு இவ்வளவு பேசணுமான்னு ஒரு கேள்வி வேற. 2,202 சின்னத் தொகைன்னா திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே?

ஒரு விஷயம் நியாயமாச் சொல்லணும். தள்ளுபடி விடுதி கொடுக்காம, ஆப் கூப்பனாவோ வங்கி கார்டு கேஷ்பேக்காவோ வந்திருந்தா கதை வேற. அப்போ விடுதிக்கு முழு 7,000-ம் வந்து சேருது, நம்ம பங்கை வேற ஒருத்தர் கட்டறாங்க, அவ்வளவுதான். மதிப்பு குறையாது. 7,000 கூட்டல் 1,200-ன்னா 18% சரிதான். எப்படிக் கண்டுபிடிக்கிறது? வவுச்சர்ல வரி எந்தத் தொகைக்குப் போட்டிருக்குன்னு பாருங்க. நம்ம வவுச்சர்ல 12,600-க்கு 630. விடுதிக் கணக்குல கழிஞ்ச தள்ளுபடின்னு அதுவே சாட்சி.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ பொறுமை இல்ல. அவசரமாச் சிலது:

எக்ஸ்ட்ரா பெட் தொகையை வரியோட சேர்த்து வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்குங்க, போன் பேச்சு எடுபடாது. முடிஞ்சா புக் பண்ணும்போதே பெட்டையும் சேர்த்துப் போட்டுடுங்க. ஒரு ராத்திரி மொத்தம் 7,500-ஐ ஒட்டி வந்தா, "தள்ளுபடிக்கு அப்புறம்தானே ஸ்லாப்?"னு முன்னாடியே கேட்டு வைங்க.

வார நாளும் வாரக் கடைசியும் வேற வேற ரேட்டா இருந்தா, ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியா ஸ்லாப் பார்க்கணும். ஒரு ராத்திரி தாண்டிச்சுன்னு எல்லா ராத்திரிக்கும் 18% போட விடாதீங்க.

எஸ்டிமேட் சீட்டுக்குப் பணம் கட்டாதீங்க, டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்க. கேரள விடுதின்னா ஜிஎஸ்டி எண் 32-ல ஆரம்பிக்கும். நாம தமிழ்நாட்டுக்காரங்களா இருந்தாலும் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5-ன்னுதான் பிரிஞ்சு வரணும், ஐஜிஎஸ்டி வராது. வெள்ள செஸ்னு எதாவது இருந்தா அடிச்சுக் கேளுங்க, அது 2021 ஜூலையோட முடிஞ்சு போச்சு.

ஹோம்ஸ்டேயில ஜிஎஸ்டி எண்ணே இல்லாம கவுண்டர்ல வரி கேட்டா கொடுக்காதீங்க. பதிவு இல்லாதவங்க வரி வசூலிக்கக் கூடாது.

புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்க தீரலைன்னா நுகர்வோர் ஆணையம். இடுக்கிக்கு அலைய வேண்டாம், நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம்னு 2019 சட்டத்துல இருக்கு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் இல்ல, நடந்ததுலேர்ந்து 2 வருஷம் வரை நேரம் இருக்கு. வவுச்சர், பில், வாட்ஸ்அப் மூணையும் பத்திரமா வைங்க. 2,202-க்கு நான் தேனியில போடத்தான் போறேன்.