விளம்பரத்தில் வேளச்சேரி, வீடு இருந்ததோ பள்ளிக்கரணையில்

சென்னையில் இணையம் வழியாக வாடகை வீடு தேடுகிறவர்கள் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பார்த்த விளம்பரத்தின் தலைப்பு: "வேளச்சேரி, 2 பெட்ரூம், 1,050 சதுர அடி, கார் பார்க்கிங், 24 மணி நேரமும் தண்ணீர்." வீடு தேடுகிறவர் டிக் அடிப்பதும் இவற்றைத்தான் என்பது அதை எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. "சாயங்காலம் இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறது சார்" என்று அவசரப்படுத்தி, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தரகர் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் வீடு பள்ளிக்கரணையில், பிரதான சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே. "எல்லாம் வேளச்சேரி பக்கம்தானே சார்" என்றார். இந்தத் தளங்களில் எந்தப் பகுதி என்று குறிப்பது பெரும்பாலும் விளம்பரம் போடுகிறவரே. அதனால் தொலைபேசியிலேயே பின்கோடு கேளுங்கள். வேளச்சேரி 600042, பள்ளிக்கரணை 600100.

1,050 சதுர அடி என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் பங்கு சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு. சுவருக்குள் அளந்தபோது 740 தான் தேறியது. இரண்டாவது படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. சுவர்களுக்குள் நாம் புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியாவுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 விளக்கம் கொடுத்திருந்தாலும், வாடகை விளம்பரங்களில் பெரிய எண்தான் ஏறுகிறது. ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் தனித்தனியாகக் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது, பொய்யில்லை. ஆனால் அது உப்பேறிய போர் தண்ணீர். ஷவரின் பாதித் துளைகளை வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது, குழாயடித் தரையில் பழுப்புக் கறை. சமையலுக்கு லாரி தண்ணீர்தான். அந்தச் செலவைப் பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் மாதாமாதம் வீடுகளுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. பார்க்கிங்கோ இன்னொருவர் காருக்குப் பின்னால். அவர் நம்மைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால்தான் அவர் வண்டி வெளியே போக முடியும்.

இதே வீட்டுக்கு நேர்மையான விளம்பரம் இப்படி இருந்திருக்கும்: "பள்ளிக்கரணை, 2 பெட்ரூம், கார்பெட் ஏரியா 740 சதுர அடி, முன்பின்னாக நிறுத்தும் பார்க்கிங்." அடியில் விவரம்: "போர் தண்ணீர் உப்பு, சமையலுக்கு லாரி தண்ணீர், செலவு தனி." இந்தத் தண்ணீரும் இடமும் ஒத்துவருகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் நேராக வந்திருப்பார்கள், நான் வந்திருக்கவே மாட்டேன்.

டோக்கன் இன்னும் திரும்பி வரவில்லை. "வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்" என்கிறார் தரகர். தன் கைக்கு எதுவும் வரவில்லை என்கிறார் உரிமையாளர். பணம் அனுப்பும் முன், "வீட்டைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிறவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.