திடீர் விருந்தாளிக்கு எது கைகொடுக்கும்: வறுத்த ரவையா, அவலா, மிக்சர் பாக்கெட்டா?

மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் சொல்லாமல் வந்து நிற்கிறார்கள். காபிக்குப் பால் இருக்கிறது, கூட வைக்க என்ன இருக்கிறது? பெரும்பாலான வீடுகள் இதற்காக வைத்திருப்பது மூன்றில் ஒன்று: ரவை, அவல், கடையில் வாங்கிய மிக்சர்.

மிக்சரில் வேலையே இல்லை, தட்டில் கொட்டினால் போதும். ஆனால் 200 கிராம் மிக்சர் வாங்கும் காசுக்கு அரை கிலோ ரவை வாங்கிவிட்டு மீதியும் பார்க்கலாம். அந்த 200 கிராம் நான்கு பேருக்கு ஒரே தடவைதான் வரும். பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளில் நமுத்துப்போகும். பிரிக்காமல் வைத்தாலும் தேதி தாண்டினால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைப்பதுதான் முக்கியம். அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல், அரை கிலோவை இரண்டு ஈடாக, சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். ஈடு ஒன்றுக்கு எட்டு நிமிடம் ஆகும். நிறம் மாறத் தேவையில்லை. வாசம் வந்து, விரலில் அள்ளிவிட்டால் மணல்போல ஒட்டாமல் உதிர வேண்டும். பிறகு அகலமான தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பின்புதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் ஆவி வியர்த்துச் சொட்டும்; அந்த ஈரத்தில் ரவை கட்டிபிடித்துப் பூசணம் வைக்கும். வறுக்காத ரவையில் வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள்ளேயே புழு வரலாம். சிலந்தி நூல்போல ரவை கோத்துக்கொண்டு வந்தால் புழு விழுந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாக வறுத்து இறுக மூடியது இரண்டு மாதம் கெடாது.

கடுகு, பருப்பு, கறிவேப்பிலை தாளித்து உப்பும் சேர்த்துத் தயார் கலவையாகவே வைப்பவர்களும் உண்டு. சமைக்கும்போது ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் எண்ணெய் சேர்ந்ததால் மூன்று வாரத்தில் வாடை மாறும். கறிவேப்பிலை ஒரு இலை மொறுமொறுப்பாகாமல் போனாலும் அந்த ஈரமே கெடுத்துவிடும். இதனால் வெறும் ரவையாக வறுத்து வைப்பதே எங்களுக்குச் சரி என்று படுகிறது.

அந்த நான்கு பேருக்கு உப்புமா செய்ய ஒன்றரை டம்ளர் ரவையும் மூன்றே முக்கால் டம்ளர் தண்ணீரும் கணக்கு. 200 மில்லி டம்ளரில் அளந்தால் ரவை ஏறக்குறைய கால் கிலோ. ஆக அரை கிலோ டப்பா இரண்டு வருகைக்குத் தாங்கும். தாளித்து வெங்காயம் வதக்கும்போதே பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அதை ஊற்றி, தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவி மறுகையால் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டையின் மேற்புறம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. பிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக மாவு தெரியும். மூடிபோட்டு நான்கு நிமிடம் வைத்து இறக்கினால், மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அவலின் பலம், அடுப்பே இல்லாமலும் முடியும் என்பது. சிலிண்டர் தீர்ந்த நேரத்தில் ரவை இப்படி உதவாது. கெட்டி அவலாக இரண்டரை டம்ளர் எடுத்து, இரண்டு முறை அலசி, தண்ணீரை முழுக்க வடித்து, வடிதட்டிலேயே ஏழெட்டு நிமிடம் விடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் வடிவம் குலையக்கூடாது. பிறகு துருவிய வெல்லம், தேங்காய்ப்பூ, ஏலக்காய்ப்பொடி கலந்தால் இனிப்பு அவல் தயார். தேங்காய் இல்லாத நாளில் இது சோபிக்காது என்பது ஒரு குறை. அடுப்பு இருந்தால் தாளித்து எலுமிச்சை பிழியலாம். சர்க்கரை வேண்டாம் என்பவர்களுக்கும் ஆகும். பலர் தவறுவது மெல்லிசு அவலை வாங்கி ஊறவைப்பதில்தான். அது ஊறவைத்தால் கூழாகிவிடும், தண்ணீர் தெளித்தாலே போதும். சிவப்பு அவலில் தவிடு இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும், கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

செலவு, நாள்பட நிற்பது, வயிறு நிறைவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரவைதான் முதல். அதோடு கால் கிலோ கெட்டி அவல் துணைக்கு இருக்கட்டும். மிக்சர் வேண்டுமென்றால் 100 கிராம் பொட்டலம் ஒன்று, உப்புமா வேகும்வரை கொறிக்க.

விருந்தாளி வராத மாதமும் உண்டு. டப்பாமேல் வறுத்த தேதியை எழுதி ஒட்டிவிட்டு, ஆறு வாரம் ஆனதும் அதை வீட்டுக் காலை டிபனுக்கே எடுத்துவிட்டுப் புதிதாக வறுத்துப் போடுங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்ட வேண்டாம். அடியில் ஒரு புழு இருந்தாலும் மொத்த டப்பாவும் போய்விடும்.